பள்ளியறைப் பூஜைக் காட்சி எழுத குருக்களிடம் என்ன கேட்பது?

கேள்வி: ஐயா, சிவன் கோயிலில் இரவு நடக்கும் பள்ளியறைப் பூஜையை மையமாக வைத்து ஒரு குறும்படத்துக்குத் திரைக்கதை எழுதுகிறேன். எங்கள் ஊர்க் கோயில் குருக்களுக்குக் கடிதம் எழுதி, பூஜை எந்த வரிசையில் நடக்கிறது என்று கேட்கலாம் என்றிருக்கிறேன். தப்பாக எதையும் காட்டிவிடக் கூடாது. கடிதத்தில் என்ன கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும்?

பதில்:

"பள்ளியறைப் பூஜையை விளக்கும்படி வேண்டுகிறேன்" என்று மட்டும் எழுதி அனுப்பிவிடாதீர்கள். பதில் வரும், நல்ல பதிலாகவும் இருக்கும். ஆனால் காட்சிக்கு வேண்டியது அதில் இருக்காது. சில வருடங்களுக்கு முன் ஒரு குறும்படத்துக்காக நானும் இதே பூஜையைப் பற்றி அப்படித்தான் எழுதிக் கேட்டேன். குருக்கள் இரண்டு பக்கம் நிறைய எழுதி அனுப்பினார். சிவமும் சக்தியும் ஒன்றாக இருப்பது, உலகம் இரவில் ஒடுங்குவது, காலையில் மறுபடி விரிவது என்று அழகாக எழுதியிருந்தார். பல்லக்கை யார் தூக்குகிறார்கள், பால் எப்போது வருகிறது, கதவை யார் சாத்துகிறார்கள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. அவர் மேல் தப்பில்லை. நான் விளக்கம் கேட்டேன், அவர் விளக்கம் தந்தார்.

அதற்குப் பிறகுதான் ஒன்று புரிந்தது. ஒரு பூஜை குருக்களின் மனதில் மூன்று விதமாக இருக்கிறது. முதலாவது, பாடசாலையில் படித்தது. சிவாகமங்கள் 28. காமிகம், காரணம் என்று கோயிலுக்கு ஒன்றைப் பின்பற்றுவார்கள். அன்றாடக் கிரியைக்கு, 12ஆம் நூற்றாண்டில் அகோர சிவாச்சாரியார் எழுதிய கிரியாக்கிரமத்யோதிகை போன்ற பத்ததி நூல்கள் கைகொடுக்கும். இரண்டாவது, அந்தக் கோயிலின் வழக்கம். இது அப்பாவும் தாத்தாவும் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றது, எந்த நூலிலும் இருக்காது. மூன்றாவது, இன்றைய நிலைமைக்காகச் செய்வது. ஓதுவார் பணியிடம் காலியாக இருந்தால் குருக்களே பாடுவார். பல்லக்கு தூக்க நாலு பேர் வராத நாளில் கையில் ஏந்திப் போவார். பொதுவாகக் கேட்டால் முதலாவதுதான் வரும். படித்தவரிடம் கேள்வி கேட்டால் அவர் படிப்பிலிருந்துதான் பதில் சொல்வார். உங்கள் காட்சிக்கு வேண்டியது இரண்டாவது. மூன்றாவதையும் தெரிந்துகொண்டு, அதைக் காட்டுவதா வேண்டாமா என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டும். கடிதம் இந்த மூன்றையும் பிரித்துக் கேட்க வேண்டும்.

எழுத உட்காருவதற்கு முன் பூஜையின் பொதுவான போக்கு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எதைக் கேட்பது என்றே தெரியாது. பெரிய கோயில்களில் ஒரு நாளைக்கு ஆறு காலம்: உஷக்காலம், காலசந்தி, உச்சிக்காலம், சாயரட்சை, இரண்டாம் காலம், அர்த்தஜாமம். சின்னக் கோயில்களில் இது நாலாகவோ இரண்டாகவோ குறையும், ஒரு கால பூஜை மட்டும் நடக்கிற கோயில்களும் நிறைய உண்டு. கடைசிக் காலமான அர்த்தஜாமத்தின் முடிவில் வருவது பள்ளியறை. சுவாமி சந்நிதியில் நைவேத்தியமும் தீபாராதனையும் முடிந்த பிறகு சுவாமி அம்பாள் பக்கம் உள்ள பள்ளியறைக்கு எழுந்தருள்வார். அங்கே ஊஞ்சலிலோ கட்டிலிலோ வைத்துப் பால், பழம், தாம்பூலம் நிவேதனம். ஊஞ்சல் பாட்டு, தீபாராதனை, கதவு சாத்துதல். அதற்கப்புறம் வைரவர் பூஜை, நடை சாத்துதல். மறுநாள் விடியலில் திருப்பள்ளியெழுச்சி பாடிப் பள்ளியறையைத் திறந்து சுவாமியைத் திரும்ப அழைத்து வருவார்கள்.

இதுதான் எலும்புக்கூடு. கோயிலுக்குக் கோயில் மாறுவது இதன் உள்ளே இருக்கிற சதைதான். மதுரையில் சுவாமியின் வெள்ளிப் பாதுகைகள் மீனாட்சியம்மன் பள்ளியறைக்கு வரும். வேறு சில கோயில்களில் சிறிய உற்சவ மூர்த்தியே எழுந்தருளுவார். பொதுவான போக்கைத் தெரிந்துகொண்டு மிச்சத்தைக் கற்பனையில் நிரப்பினால் தப்பு வருகிற இடம் இதுதான்.

யாருக்கு எழுதுவது என்பதும் முக்கியம். பல கோயில்களில் குருக்கள் குடும்பத்துப் பங்காளிகள் முறை வைத்துப் பூஜை செய்வார்கள். நீங்கள் போகிற வாரம் யாருடைய முறையோ அவர்தான் சந்நிதியில் இருப்பார். ஒருவர் செய்வதும் இன்னொருவர் செய்வதும் சின்னச் சின்ன இடங்களில் வித்தியாசப்படும். அர்த்தஜாமத்துக்கு வழக்கமாக யார் நிற்கிறார் என்று மெய்க்காவலரிடமோ பூக்கடையிலோ கேட்டுத் தெரிந்துகொண்டு அவருக்கு எழுதுங்கள். மார்கழியிலும் பிரதோஷத்தன்றும் திருவிழாவுக்குக் கொடியேறிய பிறகும் கொடுக்காதீர்கள், படிக்கவே நேரம் இருக்காது. உச்சிக்காலம் முடிந்து நடை சாத்தும் நேரத்தில் நேரில் போய்க் கையில் கொடுப்பது நல்லது. கவருக்குள் பணம் வைக்க வேண்டாம். பதில் கிடைத்த பிறகு வெற்றிலை பாக்கு, பழத்தோடு தட்டில் வைத்துச் சம்பாவனையாகக் கொடுங்கள்.

இரண்டாவது முறை நான் எழுதிய கடிதத்தைக் கீழே தருகிறேன், தனி விவரங்களை மட்டும் எடுத்துவிட்டேன். கதை உங்களுடையதிலிருந்து வேறாக இருக்கும், ஆனாலும் கடிதத்தின் அமைப்பு உதவும்.

சிவமயம்

மதிப்பிற்குரிய சிவாச்சாரியார் அவர்களுக்கு,

நமஸ்காரம். போன மாதம் பள்ளியறைப் பூஜையைப் பற்றி எழுதிக் கேட்டவன் நான். தாங்கள் பொறுமையாக எழுதித் தந்த தத்துவ விளக்கத்துக்கு மிக்க நன்றி. இப்போது திரைக்கதை எழுத உட்கார்ந்தபோது, பூஜையில் கண்ணுக்குத் தெரியும் செயல்கள் எனக்குச் சரியாகத் தெரியவில்லை என்று உணர்ந்தேன். அதற்காக மறுபடியும் தொந்தரவு செய்கிறேன்.

இது 15 நிமிடப் படம். ஒரு பாட்டி தினமும் இரவு பள்ளியறைப் பால் வாங்கிப்போய், படுக்கையில் இருக்கும் தாத்தாவுக்குக் கொடுக்கிறார். ஒருநாள் அவர் வரவில்லை. குருக்கள் பாலை எடுத்துவைத்துக் காத்திருக்கிறார். பூஜை நாலு நிமிடம் வரும். கோயிலுக்குள் படம் எடுக்கப் போவதில்லை, வெளியே அரங்கம் அமைக்கிறோம். கருவறையைக் காட்ட மாட்டோம். குருக்களாக நடிகர் ஒருவர் நடிக்கிறார். கோயில் பெயரோ தங்கள் பெயரோ படத்தில் வராது.

காட்சியை எனக்குத் தெரிந்த அளவில் எழுதியிருக்கிறேன். தப்புகள் இருக்கும். தயவுசெய்து பேனாவால் அடித்து, மேலேயே திருத்தி எழுதுங்கள்.

"இரவு எட்டரை மணி. சுவாமி சந்நிதியில் கற்பூர ஆரத்தி முடிகிறது. குருக்கள் உற்சவ மூர்த்தியைப் பல்லக்கில் எழுந்தருளச் செய்கிறார். நாதஸ்வரம் ஒலிக்கிறது. பல்லக்கு பிராகாரம் சுற்றி அம்பாள் சந்நிதிக்கு வருகிறது. குருக்கள் பள்ளியறையில் மூர்த்தியை வைத்து, உரக்க மந்திரம் சொல்லி, கற்பூரம் காட்டிக் கதவைச் சாத்துகிறார். வாசலில் நிற்கும் பாட்டிக்குப் பால் கொடுக்கிறார்."

அதோடு இவற்றையும் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, பல்லக்கில் எழுந்தருள்வது மூர்த்தியா, பாதுகையா? அதைத் தொடக்கூடியவர் யார், பல்லக்கைத் தூக்குபவர் யார்?

இரண்டு, சுவாமி சந்நிதியை விட்டுப் புறப்படுவதிலிருந்து பள்ளியறைக் கதவு சாத்தும் வரை தங்கள் இரண்டு கைகளும் என்னென்ன செய்கின்றன? எந்தப் பொருளை எப்போது எடுக்கிறீர்கள், அதை யார் எடுத்துத் தருகிறார்கள்?

மூன்று, வெளியே நிற்பவர்கள் காதில் என்னென்ன விழும்? எது மனதுக்குள் சொல்வது? மந்திரங்களை எழுதித் தர வேண்டாம், எங்கே ஒலி, எங்கே மௌனம் என்று மட்டும் தெரிந்தால் போதும்.

நான்கு, பக்தர்கள் எங்கே நிற்கிறார்கள்? திரையோ கதவோ எப்போது மூடியிருக்கும்?

ஐந்து, பள்ளியறை சாத்திய பிறகு தாங்கள் வீட்டுக்குப் புறப்படும் வரை என்ன நடக்கிறது?

ஆறு, தாங்கள் சொல்பவற்றில் எது எல்லாச் சிவன் கோயிலுக்கும் பொது, எது நம் கோயில் வழக்கம், எது இப்போது ஆள் வசதி இல்லாததால் செய்வது என்று பக்கத்தில் குறித்துத் தந்தால் பெரிய உதவியாக இருக்கும்.

காட்டவே கூடாதது ஏதாவது இருந்தால் காரணம் சொல்ல வேண்டியதில்லை. சொன்னால் போதும், எடுத்துவிடுகிறேன்.

எழுத நேரமில்லையென்றால் தாங்கள் சொல்லும் நாளில் வந்து கேட்டுக் குறித்துக்கொள்கிறேன். எழுதி முடித்த பக்கங்களைத் தங்களிடம் படித்துக்காட்டிய பிறகே படப்பிடிப்புக்குப் போவோம்.

இப்படிக்கு,
பணிவுடன்,

இதில் உயிர்நாடி, தப்பாக எழுதிய அந்தக் காட்சிதான். குருக்கள் பதினைந்து வயதிலிருந்து செய்துவரும் வேலையை ஒன்று, இரண்டு என்று வரிசைப்படுத்திச் சொல்லச் சொன்னால் அவருக்கு வராது. கை பழகிவிட்ட வேலை, யோசித்துச் செய்வதில்லை. ஆனால் தப்பான வரிசையைக் கண்ணில் காட்டினால் உடனே "இது இங்கே வராதே" என்பார். திருத்துவது சுலபம், விவரிப்பதுதான் கஷ்டம். காட்சியின் வரிகளுக்கு நடுவே ஒரு விரல் அகலம் இடம் விட்டு அச்சடித்துக் கொடுங்கள்.

பதில் நாலு நாளில் வந்தது, என் தாளிலேயே சிவப்பு மையில். "உற்சவ மூர்த்தி" என்பதை அடித்துவிட்டு "பாதுகை" என்று எழுதியிருந்தார். "நாதஸ்வரம்" பக்கத்தில், முன்பு மேளக்காரர் உண்டு, இப்போது மின்சார மேளம்தான் என்றிருந்தது. மோட்டாரில் ஓடும் முரசும் மணியும் சேர்ந்த அந்தப் பெட்டியை நிறையக் கோயில்களில் பார்த்திருப்பீர்கள். அதையும் பள்ளியறை வாசலுக்கு வந்ததும் நிறுத்திவிடுவாராம். "உரக்க மந்திரம் சொல்லி" என்ற வரியை முழுக்க அடித்திருந்தார். உள்ளே சொல்வதெல்லாம் வாய்க்குள்ளேயே. வெளியே கேட்பது பொன்னூசல் பாட்டு மட்டும். திருவாசகத்தில் உள்ள திருப்பொன்னூசல்தான் அது. ஓதுவார் பாட வேண்டியது, ஓதுவார் இல்லாததால் அவரே பாடுகிறார்.

நாம் எழுதுகிற காட்சிகளில் அதிகம் வருகிற தப்பு இந்த உரத்த மந்திரம்தான். அர்ச்சனையில் பெயர், நட்சத்திரம் சொல்லிச் சங்கல்பம் செய்வதும் நாமங்கள் சொல்வதும் வெளியே கேட்கும். பூஜையின் உள்பகுதியில் பெரும்பாலானவை கேட்காது. இதற்கு அடுத்த தப்பு கற்பூரம். தீபாராதனை என்றாலே நடிகர் கையில் கற்பூரத் தட்டைக் கொடுத்துவிடுகிறோம். முறைப்படி முதலில் தூபம், பிறகு அலங்கார தீபங்கள், கற்பூரம் கடைசி. பல கோயில்களில் இப்போது கருவறைக்குள் கற்பூரமே ஏற்றுவதில்லை, நெய்தீபம்தான். எங்கள் குருக்களும் பள்ளியறைக்கு ஒற்றை நெய்தீபம் என்றே திருத்தியிருந்தார்.

இரண்டாவது கேள்விக்கு, கைகளைப் பற்றியதற்கு, அவர் எழுத்தில் பதில் சொல்லவில்லை. "நேரில் வாங்கோ, பார்த்தால் தெரியும்" என்று மட்டும் எழுதியிருந்தார். மூன்று இரவு போய்த் தூண் ஓரமாக உட்கார்ந்தேன். அவர் தீபம் காட்டும்போது வலது கையில் தீபம், இடது கையில் கைமணி. நடிகர்கள் பெரும்பாலும் மாற்றிப் பிடிப்பார்கள், அல்லது மணியை வேறொருவர் கையில் கொடுத்துவிடுவார்கள். பாதுகையை எடுக்கும்போது இரண்டு கையும் வேண்டும், அதனால் மணி கீழே போகிறது. அதாவது பாதுகை கைக்கு வருகிற கணத்தில் மணியோசை நின்றுவிடுகிறது. பாதுகையை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி, மார்புக்கு நேராகப் பிடித்து, பல்லக்குக்கு மூன்று எட்டு நடக்கிறார். அந்த மூன்று எட்டுக்கும் கோயிலில் சத்தமே இல்லை. பாதுகை பல்லக்கில் அமர்ந்த பிறகுதான் சுவிட்சைப் போட மேளம் தொடங்குகிறது. இதை எந்தக் கடிதத்திலும் கேட்டு வாங்கியிருக்க முடியாது. செய்பவருக்கே இப்படி ஒரு மௌனம் இருப்பது தெரியாது. நான் சொன்னதும், "அப்படியா?" என்று கேட்டார்.

ஒரு இரவு பார்த்தால் போதாது. வெள்ளிக்கிழமை கூட்டம் இருக்கும், உபயதாரர் வந்திருப்பார், நைவேத்தியம் கூடும், பாட்டு நீளும். சாதாரண நாளில் பார்த்தால்தான் எது எப்போதும் நடப்பது, எது அன்று மட்டும் நடந்தது என்று பிரிக்க முடியும். செல்போனில் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கும்படி 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது. பார்த்துவிட்டு வெளியே வந்து, கோபுர வாசலில் உட்கார்ந்து உடனே எழுதிவிடுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்றால் வரிசை கலைந்துவிடும்.

ஐந்தாவது கேள்வியை நான் சம்பிரதாயத்துக்குத்தான் சேர்த்தேன். கதையை மாற்றியது அந்தப் பதில்தான். பாட்டி பள்ளியறை வாசலில் பால் வாங்குவதாக எழுதியிருந்தேன் அல்லவா? அங்கே பால் கொடுப்பதில்லை. நிவேதனமான பாலைச் சொம்போடு எடுத்துக்கொண்டு, பள்ளியறையைச் சாத்தி, வடகிழக்கு மூலையில் இருக்கும் வைரவர் சந்நிதிக்குப் போகிறார். அங்கே தீபம் காட்டி, கோயில் சாவியை வைரவர் காலடியில் வைத்து எடுக்கிறார். இரவில் கோயிலுக்குக் காவல் அவர்தான். அதற்குப் பிறகு, வந்திருக்கும் நாலைந்து பேருக்கு விபூதி கொடுத்து, சொம்பிலிருந்து உத்தரணியால் பாலை ஊற்றுகிறார். அப்புறம் ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டே வாசலுக்கு வருகிறார்.

பாட்டி நிற்க வேண்டிய இடம் வைரவர் சந்நிதி என்று தெரிந்ததும் காட்சி முழுவதையும் அங்கே நகர்த்தினேன். சாவியும் பாலும் ஒரே இடத்தில் வந்துவிட்டன. குருக்கள் காத்திருக்கிறார் என்றால், சாவியைக் கையில் எடுத்த பிறகும் நடை சாத்தாமல் நிற்கிறார் என்று அர்த்தம். கோயில் பழக்கம் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். நான் முதலில் எழுதியிருந்த காட்சியில் அவர் வாசலை எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டியிருந்தது. சரியான வரிசை கிடைத்த பிறகு அந்தப் பெருமூச்சு தேவைப்படவில்லை.

மேளப் பெட்டி விஷயத்தில் நான் தயங்கினேன். குருக்கள் குறித்த மூன்றாவது வகை அது, ஆள் இல்லாததால் வந்தது. நாதஸ்வரத்தில் நீலாம்பரி வாசிப்பதாகக் காட்டினால் அழகாக இருக்கும், வழக்கப்படியும் தப்பில்லை. ஆனால் நாலே பேர் வருகிற கோயிலில், ஓதுவாரே இல்லாத கோயிலில், நாதஸ்வரக்காரர் மட்டும் எங்கிருந்து வருவார்? பெட்டியையே வைத்தேன். உங்கள் கதை நடப்பது பெரிய கோயிலென்றாலோ நாற்பது வருடத்துக்கு முந்திய காலமென்றாலோ முடிவு வேறாக இருக்கும். முடிவு எதுவானாலும் குருக்களிடம் சொல்லிவிடுங்கள். அவர் கோயிலில் நடப்பதை மாற்றிக் காட்டுகிறீர்கள் என்றால் அது முதலில் அவருக்குத் தெரிய வேண்டும்.

பங்காளிகளில் இன்னொருவரிடம் கேட்டு வேறு பதில் வந்தால், இரண்டையும் கலக்காதீர்கள். ஒருவர் பாட்டு முடிந்து பால் நிவேதனம் என்பார், இன்னொருவர் பாலுக்குப் பிறகு பாட்டு என்பார். இரண்டும் அந்தந்தக் கையில் சரியாகவே இருக்கும். முதலில் எழுதிக் கொடுத்தவர் சொன்னதையே முழுக்க எடுத்துக்கொள்ளுங்கள். அங்கொன்றும் இங்கொன்றும் எடுத்துக் கோர்த்தால் யாருமே செய்யாத ஒரு பூஜை திரையில் வந்துவிடும். கிரியை தெரிந்தவர்கள் முதலில் கண்டுபிடிப்பது அதைத்தான்.

திருத்திய பக்கங்களை அவரிடம் உரக்கப் படித்துக்காட்டுங்கள். கொடுத்துவிட்டு வராதீர்கள். எங்கே அவர் தலையாட்டுவது நிற்கிறதோ அங்கே நீங்களும் நிறுத்திக் கேளுங்கள். நான் படித்தபோது ஒரே இடத்தில்தான் நின்றது. பாதுகையைக் கட்டிலில் வைக்கும் கையை அண்மைக் காட்சியாக எழுதியிருந்தேன். "கதவை ஒருக்களித்த பிறகு உள்ளே நடப்பது வேண்டாமே" என்றார். காரணம் சொல்லவில்லை, கேட்க மாட்டேன் என்று நானே எழுதிக் கொடுத்திருந்தேன். அந்த அரைப் பக்கத்தை அங்கேயே அவர் முன்னால் அடித்தேன். படத்தில் அந்த இடத்தில் மரக்கதவு மட்டும்தான் இருக்கிறது. உள்ளேயிருந்து பொன்னூசல் பாட்டு கேட்கிறது, அது முடிந்து கைமணி ஒலிக்கிறது, மணி நிற்கிறது, சொம்போடு குருக்கள் வெளியே வருகிறார்.